தண்ணீர்த் தொட்டிக்கான தரத் திட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கான்கிரீட் தண்ணீர்த் தொட்டி வேலைகளில் தர ஆவணங்களையும் ஆய்வுகளையும் பார்த்துக்கொள்வது என் வேலை. தளப் பொறியாளர்கள், மேற்பார்வையாளர்கள், சில சமயம் தொட்டியைக் கட்டச் சொன்னவர்களே கூட, ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். குழப்பம் வராமல் இருக்க எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டியை உதாரணமாக வைத்துக்கொள்வோம்: தரைமட்டத்தில் நிற்கும் கம்பி கட்டிய கான்கிரீட் தொட்டி, உள்ளளவு 12 மீட்டருக்கு 8 மீட்டர், நிரம்பினால் 4 மீட்டர் ஆழம், சோதனையின்போது மேலே திறந்திருக்கும்.

தரத் திட்டம்னு ஒரு பேப்பர் கேக்கறாங்க. ஸ்பெசிபிகேஷன்தான் இருக்கே, அது போதாதா?

போதாது. ஸ்பெசிபிகேஷன் என்ன வேண்டும் என்று சொல்லும். அது கிடைத்ததா என்பதை யார், எந்தக் கட்டத்தில், எதைக் கொண்டு பார்ப்பார், எந்த எண்ணைத் தாண்டினால் வேண்டாம் என்பார், வேண்டாம் என்றால் அடுத்து என்ன நடக்கும், இதெல்லாம் அதில் இருக்காது. தரத் திட்டம் இந்த இடைவெளியை நிரப்பத்தான்.

நம் தொட்டிக்கு அது நாலைந்து பக்கத்துக்கு மேல் போகத் தேவையில்லை. நூறு பக்கத் திட்டங்களைப் பார்த்திருக்கிறேன், பழைய வேலையில் இருந்து நகலெடுத்தவை, தொட்டி வேலைக்கான திட்டத்தில் தார்ச் சாலை சோதனை இருக்கும். அதைத் தளத்தில் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கிழித்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும்படி ஒரு அட்டவணை இருந்தால் அதுதான் பயன்படும்.

"கசிவு இல்லாமல் கட்ட வேண்டும்"னு எழுதியிருக்கோம். அது அளவுகோல் ஆகாதா?

அது விருப்பம். அளவுகோல் என்றால் எண், அளக்கும் முறை, எவ்வளவு முன்பின் போகலாம் என்ற மூன்றும் இருக்க வேண்டும். "கசிவு இல்லாமல்" என்றால் சுவரில் ஒரு ஈரத் திட்டு கசிவா இல்லையா என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள், இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்வார்கள்.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: தொட்டியை நிரப்பி ஈரம் உறிஞ்ச விட்ட பிறகு, 7 நாளில் ஆவியையும் மழையையும் கழித்து நீர்மட்டம் 8 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது, வெளிச்சுவர் காய்ந்தே இருக்க வேண்டும். இதில் வாதாட இடமில்லை. (8 எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.) கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட் உறையும் அப்படித்தான்: "போதுமான கவர்" என்று எழுதாதீர்கள். 40 மில்லிமீட்டர், 10 வரை கூடலாம், துளியும் குறையக் கூடாது என்று எழுதுங்கள்.

ஆய்வு, சோதனை, ஏற்புச் சோதனை, மூணும் ஒண்ணுதானே?

இல்லை. ஆய்வு என்பது வேலை நடக்கும்போது கண்ணாலும் டேப்பாலும் பார்ப்பது. சோதனை என்பது ஒரு மாதிரியை எடுத்து அதிலிருந்து எண் வரவைப்பது, க்யூபை உடைப்பது மாதிரி. ஏற்புச் சோதனை முடிந்த பொருளையே, நம் விஷயத்தில் முழுத் தொட்டியையே, அது செய்ய வேண்டிய வேலையைச் செய்ய வைத்துப் பார்ப்பது.

மூன்றில் ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. தண்ணீர் சோதனை தொட்டி கசிகிறது என்று சொல்லும், ஆனால் அந்த நேரத்தில் காரணம் கான்கிரீட்டுக்குள் புதைந்து கிடக்கும்.

ஹோல்ட் பாயின்ட்னா என்ன? எல்லா இடத்துலயும் வச்சுட்டா பாதுகாப்புதானே?

ஹோல்ட் பாயின்ட் என்றால் எழுத்தில் அனுமதி வரும்வரை அடுத்த வேலை நடக்கக் கூடாத இடம். விட்னஸ் பாயின்ட் வேறு: அழைப்புக் கொடுக்க வேண்டும், அவர் வரவில்லை என்றால் வேலையைத் தொடரலாம். எதற்கும் எத்தனை மணி நேரம் முன்னால் தகவல் தர வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள், 24 மணி நேரம் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

எல்லா இடத்திலும் வைத்தால் என்ன ஆகும் என்றால், ஆய்வாளருக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அழைப்பு வரும், மூன்றாவது வாரத்தில் இருந்து தொலைபேசியிலேயே "சரி, போடுங்கள்" என்பார். அப்புறம் உண்மையில் நிறுத்த வேண்டிய இடத்திலும் அதேதான் நடக்கும். நம் தொட்டிக்கு நான் மூன்றுதான் வைப்பேன்: தரைத்தளக் கான்கிரீட்டுக்கு முன், சுவர் ஷட்டரிங்கின் இரண்டாம் பக்கத்தை மூடுவதற்கு முன், தண்ணீர் நிரப்புவதற்கு முன். மற்றதெல்லாம் விட்னஸ் பாயின்ட், அல்லது அன்றாட மேற்பார்வை.

அது ஏன் "இரண்டாம் பக்கத்தை மூடுவதற்கு முன்"? கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி பார்த்தா ஆகாதா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன் என்று சொல்லலாம். தொட்டியில் கசியும் இடம் பெரும்பாலும் இணைப்புதான், அதிலும் தரைத்தளத்தோடு சேர்த்துப் போட்ட சிறு கிக்கர் சுவருக்கும் மேல் சுவருக்கும் நடுவில் வரும் இணைப்பு. அங்கே இணைப்பு வழியாகத் தண்ணீர் போகாமல் தடுக்கும் பிவிசி வாட்டர் ஸ்டாப்பர் பட்டை நிற்கும், பாதி கிக்கருக்குள், பாதி மேலே நீட்டிக்கொண்டு. இரண்டு பக்கமும் ஷட்டரிங் மூடிவிட்டால் அதை மேலிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியதுதான். 4 மீட்டர் கீழே, இரண்டு வரிசைக் கம்பிக்கு நடுவே, ஒன்றும் தெரியாது. "பார்த்தேன்" என்று கையெழுத்துப் போடலாம், பார்க்க முடியாது.

ஒரு பக்கம் திறந்திருக்கும்போது குனிந்து பாருங்கள். பட்டை நிமிர்ந்து நிற்கிறதா, அல்லது யாரோ காலை வைத்து மடிந்து கிடக்கிறதா? கம்பியோடு கட்டுக்கம்பியால் ஓரத் துளைகளில் கட்டியிருக்கிறார்களா, இல்லை நடுவில் ஆணி அடித்திருக்கிறார்களா? கிக்கர் போட்டபோது தெறித்த சிமெண்ட் பால் பட்டை மேல் காய்ந்து பொருக்காக ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டி எடுத்தார்களா? பட்டையும் பட்டையும் சேரும் இடத்தை விரலால் இழுத்துப் பாருங்கள், சூடாக்கி உருக்கி ஒட்டியிருந்தால் விடாது, ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கட்டியிருந்தால் கையோடு வந்துவிடும். கிக்கரின் மேல்பரப்பு ஜல்லி தெரியும் அளவுக்குக் கொத்தப்பட்டிருக்க வேண்டும், மரத்தூளோ கட்டுக்கம்பித் துண்டோ இருக்கக் கூடாது.

அதே நேரத்தில் டை ராடையும் பாருங்கள். ஷட்டரிங்கை இறுக்க பிளாஸ்டிக் குழாய்க்குள் கம்பி விட்டு, பிறகு கம்பியை உருவிவிடும் முறை சாதாரணச் சுவருக்குச் சரி. தொட்டிச் சுவரில் அது ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு நீங்களே வைக்கும் ஓட்டை. நடுவில் நீர்தடுப்புத் தட்டு உள்ள, சுவருக்குள்ளேயே தங்கிவிடும் டை வேண்டும் என்று திட்டத்தில் எழுதுங்கள்.

க்யூப் எல்லாம் பாஸ். அப்புறம் ஏன் தொட்டி கசியுது?

க்யூப் என்பது 150 மில்லிமீட்டர் அச்சில் நன்றாகக் குத்தி, தண்ணீரில் வைத்து, 28 நாள் கழித்து உடைக்கப்படும் கான்கிரீட். அது கலவையைப் பற்றிச் சொல்கிறது. அந்தக் கலவை சுவருக்குள் எப்படி இறங்கியது, வைப்ரேட்டர் கீழ்வரை போனதா, மேலே இருந்து கொட்டியதில் ஜல்லி தனியாகவும் சாந்து தனியாகவும் பிரிந்ததா என்பது க்யூபுக்குத் தெரியாது. சுவரின் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள் இருக்கலாம், க்யூப் அறிக்கை அழகாக இருக்கலாம், இரண்டும் ஒரே நாளில் ஒரே லாரியில் இருந்து வந்தவையாக இருக்கும்.

அதனால் க்யூபோடு இன்னொரு ஆய்வும் வேண்டும்: ஷட்டரிங்கைப் பிரித்த அன்றே, பூச்சு எதுவும் படுவதற்கு முன், சுவரின் இரண்டு பக்கமும் பார்த்துப் படம் எடுப்பது. பிரித்த கையோடு சாந்து பூசி மறைத்துவிடுவது பல தளங்களில் பழக்கம். ஆய்வாளர் பார்க்கும்வரை யாரும் கரண்டியை எடுக்கக் கூடாது என்று திட்டத்தில் ஒரு வரி போடுங்கள்.

சரி, க்யூப் பெயில் ஆயிட்டா? சுவரை இடிக்கணுமா?

உடனே இல்லை. முதலில் அந்த க்யூபை எப்படி எடுத்தார்கள், எங்கே வைத்தார்கள், அச்சு நேராக இருந்ததா என்று பாருங்கள், பல தோல்விகள் அங்கேயே தெளிந்துவிடும். சந்தேகம் தீரவில்லை என்றால் சுவரில் இருந்தே துளையிட்டு கோர் என்ற உருளைத் துண்டை எடுத்துச் சோதிக்கலாம். கோர்களின் சராசரி குறித்த வலிமையில் 85 விழுக்காடாவது இருந்து, எந்த ஒன்றும் 75க்குக் கீழே போகவில்லை என்றால் ஏற்கலாம் என்பது இந்திய, அமெரிக்கத் தரக்குறிப்புகள் இரண்டிலும் உள்ள அளவு.

தொட்டியில் கோர் எடுக்கத் தயங்க வேண்டும், அதுவும் ஒரு ஓட்டைதான். நீர்மட்டத்துக்கு மேல் வரும் பகுதியில், அதே நாளில் போட்ட கான்கிரீட் இருந்தால் அங்கே எடுங்கள். எங்கே எடுக்கலாம், எதைக் கொண்டு அடைக்க வேண்டும் என்பதையும் தோல்வி வருவதற்கு முன்பே திட்டத்தில் முடிவு செய்துவிடுவது நல்லது. வந்த பிறகு பேசினால் பணம்தான் பேசும்.

தண்ணீர் சோதனையை எப்படி செய்யறது? நிரப்பிட்டு பார்த்தா போதுமா?

அவசரப்படாமல் செய்தால் பாதி பிரச்சினை வராது. வெளியே மண் நிரப்புவதற்கும் நீர்தடுப்புப் பூச்சு அடிப்பதற்கும் முன்னால் செய்யுங்கள், இல்லாவிட்டால் கசிவு எங்கே என்று தெரியாது. எல்லாக் குழாய்களுக்கும் வால்வை மட்டும் நம்பாமல் மூடு தட்டு போட்டு அடையுங்கள். ஒரு நாளில் 2 மீட்டருக்கு மேல் மட்டம் ஏறாதபடி மெதுவாக நிரப்புங்கள். நம் தொட்டிக்கு அது இரண்டு நாள் வேலை.

நிரம்பிய உடனே அளக்கக் கூடாது. காய்ந்த கான்கிரீட் தண்ணீரை உறிஞ்சும், மயிரிழை வெடிப்புகள் தாமாகவே அடையவும் நேரம் வேண்டும். இதற்கு 7 நாள் என்பது வழக்கம். வடிவமைப்பில் வெடிப்பின் அகலம் 0.1 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டிருந்தால் 7 நாள், 0.2 என்றால் 21 நாள் என்று பி.எஸ். 8007 என்ற பழைய பிரிட்டிஷ் தரக்குறிப்பு பிரித்துச் சொன்னது, நான் இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறேன். இந்த நாட்களில் மட்டம் இறங்கினால் மறுபடி நிரப்பலாம். அது முடிந்த பிறகுதான் சோதனையின் 7 நாள் தொடங்கும், தினமும் ஒரே நேரத்தில், காற்று அடங்கிய விடியற்காலையில் அளவு எடுக்க வேண்டும், நடுவில் ஒரு குடம் தண்ணீர்கூடச் சேர்க்கக் கூடாது.

எத்தனை மில்லிமீட்டர் இறங்கலாம்? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

ஒவ்வொரு தரக்குறிப்பும் வேறு தொட்டியை மனதில் வைத்து எழுதப்பட்டது. மேலே சொன்ன பி.எஸ். 8007 நீர் ஆழத்தில் 500இல் ஒரு பங்கு அல்லது 10 மில்லிமீட்டர் என்றது. இந்தியாவின் ஐ.எஸ். 3370, மேலே மூடிய நிலத்தடித் தொட்டிக்குப் பல தேவைகளில் 7 நாளில் 40 மில்லிமீட்டர் வரை போதும் என்கிறது, இறுதி முடிவைப் பொறியாளரிடம் விடுகிறது. இரண்டையும் கலந்து பேசினால் சண்டைதான் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒப்பந்தத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள்.

நான் 500இல் ஒரு பங்கு, 10 மில்லிமீட்டர், இரண்டில் குறைவானதை எடுப்பேன். 4000 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அது 8. எண்ணை லிட்டரிலும் எழுதுங்கள், அப்போதுதான் அதன் கனம் புரியும்: 12க்கு 8 என்றால் 96 சதுர மீட்டர், ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் 96 லிட்டர், 8 என்றால் 768 லிட்டர்.

வெயில்ல ஆவியாகறதை எப்படிக் கழிக்கறது?

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தொட்டிக்குள்ளேயே மிதக்க விடுங்கள். தரையில் வைக்காதீர்கள், தரையில் வைத்த பாத்திரம் சூடேறி அதிகம் ஆவியாகும், அந்த அதிகம் காண்ட்ராக்டருக்குச் சாதகமாக வந்து உண்மையான கசிவை மறைத்துவிடும். பக்கச்சுவர் செங்குத்தாக இருக்க வேண்டும், தொட்டித் தண்ணீர் தெறித்து உள்ளே விழாத இடத்தில் கட்ட வேண்டும். பாத்திரத்தில் இறங்கியதுதான் ஆவி. மழை பெய்தால் இரண்டிலும் ஒரே அளவு ஏறும், கழித்தல் தானாகச் சரியாகிவிடும், ஆனால் சுவர் மேல் விழும் மழைநீர் உள்ளே வழியாதபடி பாருங்கள்.

பலர் மறப்பது வெப்பநிலையை. 25 முதல் 30 டிகிரியில் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் 4 மீட்டர் ஆழத்துக்கு மட்டம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இறங்கும், கசிவே இல்லாமல். மிதக்கும் பாத்திரத்தில் ஆழம் கொஞ்சம்தான் என்பதால் அதில் இது தெரியாது. வரம்பே 8 எனும்போது 2 டிகிரி மாற்றம் கால் பங்கு. தொட்டியின் நடு ஆழத்தில் தெர்மாமீட்டரை இறக்கி தினமும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்க தொட்டி 7 நாள்ல 31 மில்லிமீட்டர் இறங்கிடுச்சு. காண்ட்ராக்டர் எல்லாம் ஆவிதான்னு சொல்றார். நம்பலாமா?

நம்ப வேண்டாம், கழித்துப் பார்ப்போம். நான் பார்த்த ஒரு தொட்டியில் எண்கள் இதே மாதிரிதான் வந்தன. மட்டம் 31 இறங்கியது, மிதந்த பாத்திரத்தில் 14 இறங்கியது, மீதி 17. தண்ணீர் இரண்டு டிகிரி குளிர்ந்திருந்தது, அதற்கு 2 கழித்தால் 15. 15 மில்லிமீட்டர் என்றால் 1440 லிட்டர், நாளுக்கு 200 லிட்டருக்கு மேல். வரம்பு 8. தோல்வி.

உடனே எதையும் உடைக்கவில்லை. முதலில் குழாய்களின் மூடு தட்டுகளைப் பார்த்தோம், காய்ந்திருந்தன. அப்புறம் தண்ணீரைப் படிப்படியாக வெளியேற்றி, ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு நாள் நிறுத்தி இறக்கத்தை அளந்தோம். 3 மீட்டர், 2 மீட்டர், 1 மீட்டர் எல்லாவற்றிலும் கசிவு தொடர்ந்தது, அழுத்தம் குறையக் குறையக் கொஞ்சம் மெதுவானது, அவ்வளவுதான். கிக்கர் மேல்மட்டத்துக்குக் கீழே தண்ணீர் போனதும் நின்றுவிட்டது. வெளியே அதே உயரத்தில் மூன்று மீட்டர் நீளத்துக்கு ஈரக்கோடு, அதன் கீழே மண் எப்போதும் நனைந்தே இருந்தது. அங்கே கொத்திப் பார்த்தபோது வாட்டர் ஸ்டாப்பர் மடிந்து கிக்கர் மேல் படுத்துக் கிடந்தது. ஆய்வுப் படிவத்தில் அதற்கு "சரி" என்று குறியும் தேதியும் இருந்தன. தேதியை ஷட்டரிங் பதிவோடு ஒப்பிட்டால், இரண்டு பக்கமும் மூடிய அடுத்த நாள்.

வெளியே ஒரு சொட்டுகூட இல்லை, ஆனாலும் மட்டம் இறங்குது. அப்போ?

தரைத்தளத்தையும், அதன் அடியில் போகும் குழாய்களையும் சந்தேகப்படுங்கள். தண்ணீர் மண்ணுக்குள் போனால் உங்களுக்குத் தெரியாது. மேலே சொன்ன படிப்படியாக வெளியேற்றும் முறையில் கடைசிவரை இறக்கம் நிற்கவே இல்லை என்றால் தரைதான். தொட்டியை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவர் இருந்தால் ஒரு அறையை நிரப்பி மற்றதைக் காலியாக வைத்துச் சோதியுங்கள், பிறகு மாற்றி. இரண்டையும் சேர்த்து நிரப்பினால் நடுச்சுவர் சோதிக்கப்படவே இல்லை.

மட்டம் வரம்புக்குள்ள இருக்கு, ஆனா சுவர்ல ஒரு இடத்துல ஈரம். ஏத்துக்கலாமா?

திட்டத்தில் இரண்டு நிபந்தனையும் இருந்தால் (இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்), இரண்டும் நிறைவேற வேண்டும். ஆனால் முதல் நாளே ஊசி போட, அதாவது வெடிப்பை அடைக்கும் பொருளை அழுத்தி உள்ளே செலுத்தக் கிளம்ப வேண்டாம். ஈரத்தின் ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்து தேதி எழுதுங்கள், தினமும் வரையுங்கள். வட்டம் சுருங்கி, வெள்ளைப் பொருக்கு படிந்து காய்ந்தால் அந்த வெடிப்பு தானாக அடைகிறது என்று அர்த்தம், சோதனை முடிவதற்குள் காய்ந்துவிட்டால் ஏற்கலாம். வட்டம் அப்படியே நின்றாலோ பெரிதானாலோ பழுதுபார்க்க வேண்டும். யாராவது துணியால் துடைத்துவிட்டுப் படம் எடுத்தால் அந்தப் படத்தை ஏற்காதீர்கள்.

ரிப்பேர் பண்ணின இடத்தை மட்டும் பார்த்தா போதாதா? மறுபடி முழுசா நிரப்பணுமா?

முழுசாக நிரப்ப வேண்டும். மேலே சொன்ன தொட்டியில் மடிந்த பகுதிக்கு பாலியூரித்தேன் ஊசி போட்டார்கள். அந்த மூன்று மீட்டர் அடைந்தது, அதே இணைப்பில் இரண்டு மீட்டர் தள்ளி புதிய ஈரம் வந்தது. தண்ணீர் ஸ்டாப்பர் ஓரமாகவே நகர்ந்து வேறு இடத்தில் வெளியேறும், அதனால் அந்த இணைப்பு முழுவதற்கும் ஊசி போட வேண்டியதாயிற்று. காலி செய்து மறுபடி நிரப்பியதால் உறிஞ்சும் 7 நாள், அளக்கும் 7 நாள் இரண்டும் புதிதாகத் தொடங்கின. இரண்டாம் முறை ஆவியும் வெப்பநிலையும் கழிந்து 5 மில்லிமீட்டர் வந்தது, சுவரும் காய்ந்திருந்தது.

ஏற்புச் சான்றுல யார் கையெழுத்து போடணும், என்னென்ன இணைக்கணும்?

அளவு எடுத்தவர், பக்கத்தில் நின்று பார்த்தவர், ஏற்கும் அதிகாரம் உள்ளவர், மூன்று பேர். அளவு எடுத்தவரும் ஏற்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. தினசரி அளவுகள் எட்டு வரி (தொடக்க நாளும் ஏழு நாளும்), ஒவ்வொன்றிலும் தொட்டி மட்டம், பாத்திர மட்டம், நீர் வெப்பநிலை, மழை, நேரம். முதல் சோதனை தோற்றிருந்தால் அதன் தாளும், பழுதுபார்த்த பதிவும் சேர்ந்தே இருக்க வேண்டும். பாஸ் ஆனதை மட்டும் வைத்துவிட்டுப் பழையதை எடுத்துவிடுகிறார்கள். பத்து வருடம் கழித்து அந்தச் சுவரில் ஈரம் வந்தால், பராமரிக்க வருபவர் முதலில் தேடப் போவது அந்தப் பழைய தாளைத்தான்.